18 குழிகளை எதற்குக் கொடுப்பது? செம்பனை வேர் ஆர்என்ஏவும் நோ-ஆர்டி கட்டுப்பாடும்

கியூபிசிஆர் என்பது டிஎன்ஏவைச் சுழற்சி சுழற்சியாகப் பெருக்கி, அதை ஒளிர்வால் அளக்கும் முறை. அதன் தட்டில் மொத்தம் 96 குழிகள். எட்டுச் செம்பனைக் கன்றுகளின் வேரிலிருந்து எடுத்த ஆர்என்ஏ, மூன்று மரபணுக்கள் (இரண்டு ஒப்பு மரபணு, ஒரு இலக்கு மரபணு), ஒவ்வொன்றுக்கும் மும்மூன்று குழிகள் என்று போட்டால் 72 குழிகள் போய்விடும். மாதிரி எதுவும் சேர்க்காமல் தண்ணீர் மட்டும் விடும் என்டிசிக்கு மரபணுவுக்கு இரண்டாக 6 குழிகள். மிச்சம் 18. ஆர்என்ஏவை டிஎன்ஏ நகலாக மாற்றும் ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் நொதி சேர்க்காத கட்டுப்பாட்டை, அதாவது நோ-ஆர்டியை, இந்தப் பதினெட்டுக்குள் வைத்தாக வேண்டும். எப்படி வைப்பது, அல்லது அது இல்லாமலேயே சமாளிக்க முடியுமா என்பதுதான் கேள்வி.

மலேசியாவின் தெலுக் இந்தான் பக்கம் தோட்டங்களை ஒட்டி வேலை செய்யும் எங்களுக்கு இது அடிக்கடி வரும் கேள்வி. இந்தக் கரையோரச் செம்பனைக்கு அடித்தண்டு அழுகல்தான் பெரிய தலைவலி. கானோடெர்மா பூசணம் வேர் வழியாக ஏறி மரத்தைச் சாய்க்கிறது. பூசணம் தொற்றிய கன்றில் எந்த மரபணு கூடுகிறது, எது குறைகிறது என்று பார்க்க வரும் மாணவர்கள் வழக்கமாகக் கேட்பது: "அக்கா, டிஎன்ஏஸ் போட்டாச்சே, அப்புறம் எதுக்கு இன்னொரு டியூப்?" டிஎன்ஏஸ் என்பது டிஎன்ஏவை வெட்டி அழிக்கும் நொதி. தட்டுக்கான மாஸ்டர் மிக்ஸ் விலை தெரிந்த யாருக்கும் இது நியாயமான கேள்விதான். அதனால் பதிலை விரிவாகவே சொல்கிறேன்.

ஏன் இந்தக் குழி வேண்டும்

கியூபிசிஆரில் பெருக்கும் வேலையைச் செய்வது டாக் பாலிமரேஸ். அதற்கு வேண்டியது பிரைமர் ஒட்டும் ஒரு டிஎன்ஏ இழை, அவ்வளவுதான். அந்த இழை ஆர்என்ஏவிலிருந்து நாம் செய்த சிடிஎன்ஏவா, செல்லின் உட்கருவிலிருந்து ஆர்என்ஏவோடு ஒட்டிக்கொண்டு வந்த மரபணுத்தொகுதி டிஎன்ஏவா என்று அது பார்ப்பதில்லை. இரண்டும் ஒரே ஒளிர்வாகத்தான் திரையில் வரும். ஒளிர்வு எத்தனையாவது சுழற்சியில் எல்லைக்கோட்டைத் தாண்டி எழுகிறது என்ற எண்தான் சிகியூ. ஒரு சுழற்சி முன்னதாக எழுந்தால் தொடக்கத்தில் இரண்டு மடங்கு டிஎன்ஏ இருந்தது என்று அர்த்தம். ஆக, திரையில் தெரியும் சிகியூ எப்போதும் இரண்டும் சேர்ந்து தருவது. நமக்கு வேண்டியது சிடிஎன்ஏவின் பங்கு மட்டும்.

எண்ணெய் ஆலையின் எடைமேடையைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். குலை ஏற்றிய லோரி ஏறும்போது ஓர் எடை, கொட்டிவிட்டு வெறும் லோரியாகத் திரும்பும்போது இன்னோர் எடை. நோ-ஆர்டி என்பது அந்த வெறும் லோரியின் எடை. அதே ஆர்என்ஏ, அதே அளவு, அதே பஃபர், அதே பிரைமர், அதே வெப்பநிலை. நொதி மட்டும் கிடையாது. நொதி இல்லையென்றால் சிடிஎன்ஏ உருவாகாது. அப்படியும் சமிக்ஞை வந்தால் அது முன்பே டிஎன்ஏவாக இருந்த ஒன்றிலிருந்து வந்ததுதான்.

லோரி நிறைய குலை இருந்தால் வெறும் லோரி எடையில் சின்னப் பிழை பெரிதாகத் தெரியாது. நாலே குலை ஏற்றிய லோரியில் அதே பிழை கணக்கையே புரட்டிவிடும். இந்த ஒரு விஷயத்தை மனத்தில் வைத்துக்கொண்டால் கீழே நான் ஒப்பிடும் வழிகளில் எது நிற்கும், எது விழும் என்பது தானாக விளங்கும்.

டிஎன்ஏ எப்படி உள்ளே வருகிறது என்பதையும் பார்த்துவிடலாம். செம்பனை வேரில் பிசினும் பீனாலும் அதிகம். அதனால் பலர் சிடிஏபி பஃபரில் அரைத்து, குளோரோஃபார்மில் சுத்தம் செய்து, கடைசியில் லித்தியம் குளோரைடு விட்டு இரவு முழுக்கக் குளிர்பெட்டியில் வைப்பார்கள். லித்தியம் குளோரைடு ஆர்என்ஏவை அடியில் இறக்கும். டிஎன்ஏ பெரும்பாலும் மேலே கரைசலிலேயே நிற்கும். காலையில் சுழற்றி எடுத்தால் டியூபின் அடியில் வெள்ளையாக ஒரு பொட்டு. மேலே உள்ள கரைசலைக் கவிழ்த்துவிட்டாலும் டியூபின் சுவரில் வழவழப்பாக ஒரு படலம் இறங்கிக்கொண்டே இருக்கும். மிச்ச டிஎன்ஏ இருப்பது அந்தப் படலத்திலும் பொட்டின் இடுக்கிலும்தான். இரண்டாவது முறை கழுவாமல், அந்தச் சொட்டையும் பிப்பெட்டால் உறிஞ்சி எடுக்காமல் விட்டால் அது ஆர்என்ஏவோடு கரைந்து அடுத்த கட்டத்துக்குப் போய்விடும்.

இதை ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர் காட்டிக் கொடுக்காது. 260 நானோமீட்டரில் டிஎன்ஏவும் ஆர்என்ஏவும் இரண்டுமே ஒளியை உறிஞ்சும். 260/280 விகிதம் சுத்தமான டிஎன்ஏவுக்குச் சுமார் 1.8, சுத்தமான ஆர்என்ஏவுக்குச் சுமார் 2.0. நூற்றில் ஒரு பங்கு டிஎன்ஏ கலந்தால் அந்த விகிதம் கண்ணுக்குத் தெரியும்படி அசையாது. ஜெல்லில் ஓட்டினால் கிணற்றுக்கு அருகே ஒரு பட்டை தெரியலாம். அப்படித் தெரிகிற அளவுக்கு இருந்தால் அது ஏற்கெனவே மிக அதிகம்.

அந்த நூற்றில் ஒரு பங்கு எவ்வளவு பெரிது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். செம்பனையின் மரபணுத்தொகுதி சுமார் 1.8 கிகாபேஸ் என்று 2013இல் வெளியான வரிசைப்படுத்தல் சொன்னது. எடையாக மாற்றினால் ஒரு தொகுதி ஏறக்குறைய 1.8 பிகோகிராம். 1 மைக்ரோகிராம் ஆர்என்ஏவில் 1% டிஎன்ஏ என்றால் 10 நானோகிராம். அது 20 மைக்ரோலிட்டர் வினையில் பரவி, ஐந்து மடங்கு நீர்த்து, குழிக்கு 1 மைக்ரோலிட்டர் போனால் அங்கே 0.1 நானோகிராம், அதாவது ஐம்பதைச் சற்றே தாண்டிய பிரதிகள். நல்ல பிரைமரில் ஒற்றைப் பிரதி 37, 38ஆம் சுழற்சி வாக்கில் எழும் என்றால், ஐம்பது பிரதிகள் 32 வாக்கில் எழும். சிகியூ 20இல் வரும் ஒப்பு மரபணுவுக்கு இது தூசு. 30இல் வரும் இலக்கு மரபணுவுக்கு அப்படியில்லை.

முதல் வழி: டிஎன்ஏஸை நம்பி விட்டுவிடுவது

செலவில்லாத வழி இதுதான். 1 மைக்ரோகிராம் ஆர்என்ஏவுக்கு 1 யூனிட் டிஎன்ஏஸ், 37 டிகிரியில் 30 நிமிடம், பிறகு ஈடிடிஏ சேர்த்து 65 டிகிரியில் 10 நிமிடம். மிச்சமுள்ள 18 குழிகளில் இன்னும் இரண்டு கன்றுகளைச் சேர்த்துக்கொள்ளலாம்.

டிஎன்ஏஸ் கட்டாயம் வேண்டும். அதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. ஆனால் டிஎன்ஏஸ் போடுவது ஒரு வேலை, அது முடிந்ததா என்று பார்ப்பது வேறு வேலை. இந்த நொதி உப்புக்கு அஞ்சும். லித்தியம் குளோரைடு மிச்சம் இருந்தால் வேகம் குறையும். வேரின் பிசின் மிச்சம் இருந்தாலும் அப்படியே. வோர்டெக்ஸில் வைத்து ஆட்டினால் நொதியே குலைந்துவிடும், அதனால் டியூபை மெதுவாகக் கவிழ்த்துத்தான் கலக்க வேண்டும். இவற்றில் எது நடந்திருந்தாலும் டியூபைப் பார்த்தால் தெரியாது, தெளிந்த தண்ணீர் மாதிரிதான் இருக்கும். இன்னொன்று, டிஎன்ஏஸ் எல்லா மாதிரியிலும் ஒரே அளவில் தோற்பதில்லை. சுத்தமாக இறங்கிய ஆர்என்ஏவில் நன்றாக வேலை செய்யும். அழுகிய வேரிலிருந்து வந்த பிசுபிசுப்பான ஆர்என்ஏவில் பாதியில் நிற்கும். பிழை ஒரு பக்கமாகச் சாய்ந்து, ஆரோக்கியக் கன்றுக்கும் நோயுற்ற கன்றுக்கும் நடுவில் ஒரு வித்தியாசம்போல வேடம் போட்டு நிற்கும்.

இரண்டாம் வழி: பிரைமரை இன்ட்ரான் தாண்டி வைப்பது

இது புத்திசாலித்தனமான வழி. முடிந்த இடத்தில் எல்லாம் செய்ய வேண்டியதுதான். ஒரு பிரைமர் ஓர் எக்ஸானில், மற்றது அடுத்த எக்ஸானில், நடுவே, ஆர்என்ஏ முதிரும்போது வெட்டி நீக்கப்படும் நீளமான இன்ட்ரான். சிடிஎன்ஏவில் இன்ட்ரான் கிடையாது, 100 பேஸ் துண்டு எளிதாகப் பெருகும். மரபணுத்தொகுதி டிஎன்ஏவில் நடுவே ஆயிரத்துக்கு மேல் பேஸ் இருந்தால் குறுகிய சுழற்சி நேரத்தில் அது முடிவதில்லை.

"அப்ப நோ-ஆர்டி தேவையே இல்லையே" என்று பலர் இங்கேதான் முடித்துவிடுவார்கள். நான் முடிப்பதில்லை. தாவர மரபணுக்களில் நூறு பேஸ் அளவுக்குச் சின்ன இன்ட்ரான்கள் நிறைய உண்டு. 100 பேஸ் துண்டு 200 ஆனால் டாக் அதைத் தாராளமாகப் பெருக்கிவிடும். இன்ட்ரானே இல்லாத மரபணுக்களும் இருக்கின்றன. ஆக்டின் போன்ற ஒப்பு மரபணுக்கள் ஒரு குடும்பமாக இருப்பவை. ஆர்என்ஏவிலிருந்து திரும்பி மரபணுத்தொகுதிக்குள் ஏறிய, இன்ட்ரான் அற்ற போலிப் பிரதி ஒன்று எங்காவது இருந்தால் பிரைமர் அதையும் பிடிக்கும். மனித மாதிரியில் வேலை செய்பவர்கள் பீட்டா ஆக்டினிலும் ஜிஏபிடிஎச்சிலும் பட்ட அனுபவம் இதுதான். எக்ஸான் சந்திப்பின் மேலேயே உட்காரும் பிரைமர் இன்னும் பாதுகாப்பு. ஆனால் அதன் மூன்று-முனையில் ஒன்றிரண்டு பேஸ் மட்டும் சந்திப்பைத் தாண்டியிருந்தால், மீதி முழுக்க ஒரே எக்ஸானில் ஒட்டிக்கொண்டு டிஎன்ஏவிலும் ஓரளவு தொடங்கிவிடும்.

இந்த வழி ஒவ்வொரு மரபணுவுக்கும் தனித்தனியாகச் செல்லுபடியாகிறது. மூன்று மரபணுக்களில் இரண்டுக்கு நல்ல இன்ட்ரான் கிடைத்து, மூன்றாவதுக்குக் கிடைக்காமல் போனால் நம் சிக்கல் அந்த மூன்றாவதில்தான். பெரும்பாலும் அது நாம் பார்க்க வந்த இலக்கு மரபணுவாகவே இருக்கும். ஒப்பு மரபணுவைப் பலரும் சோதித்துத் தேர்ந்த பிரைமரோடு எடுக்கிறோம், இலக்கை நாமே புதிதாக வடிவமைக்கிறோம்.

மூன்றாம் வழி: எல்லா ஆர்என்ஏவையும் கலந்து ஒரே ஒரு நோ-ஆர்டி

எட்டு ஆர்என்ஏவிலிருந்தும் சமமாக எடுத்துக் கலந்து, ஒரு டியூப் நோ-ஆர்டி செய்து, ஒப்பு மரபணு பிரைமரில் இரண்டு குழி. அறிக்கையில் "நோ-ஆர்டி செய்யப்பட்டது" என்று எழுதிக்கொள்ளலாம். இதுதான் பரவலான பழக்கம். நான் மிக அழுத்தமாக மறுப்பதும் இதைத்தான், ஏனென்றால் இது இரண்டு பக்கமும் மறைக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டை எடுப்போம். கணக்கு தெளிவாக வர எண்களை முழுதாக்கிக்கொள்கிறேன். ஒப்பு மரபணு எல்லாக் கன்றிலும் சிகியூ 20. இலக்கு மரபணு ஆரோக்கியக் கன்றில் 27. கானோடெர்மா தொற்றிய கன்று ஒன்றில் அதன் உண்மையான சிகியூ 31. நான்கு சுழற்சி வித்தியாசம், அதாவது வெளிப்பாடு 16 மடங்கு குறைந்திருக்கிறது. அந்த நோயுற்ற கன்றின் வேர் அழுகியிருந்ததால் ஆர்என்ஏ குறைவாகக் கிடைத்தது. 1 மைக்ரோகிராம் வேண்டும் என்று அதிகக் கனஅளவு ஊற்ற வேண்டியதாயிற்று, அதோடு டிஎன்ஏவும் அதிகம் போனது. அந்த டிஎன்ஏ மட்டும் தனியாக 29இல் எழும் அளவு. மற்ற ஏழு கன்றுகளில் அது 34இல்தான் எழும்.

இப்போது திரையில் என்ன தெரியும்? நோயுற்ற கன்றின் இலக்குக் குழியில் 31க்குரிய சிடிஎன்ஏவும் 29க்குரிய டிஎன்ஏவும் சேர்கின்றன. 29 என்பது 31ஐவிட நான்கு மடங்கு அதிகம். மொத்தம் ஐந்து பங்கு. சிகியூ 28.7. ஆரோக்கியக் கன்றின் 27க்கும் இதற்கும் வித்தியாசம் 1.7 சுழற்சி, அதாவது மூன்று மடங்குச் சொச்சம். 16 மடங்கு இறக்கம் 3 மடங்காகச் சுருங்கிவிட்டது. ஒப்பு மரபணுவோ 20இலேயே அசையாமல் நிற்கிறது, எல்லாம் ஒழுங்காக நடந்ததுபோல.

திசை மாறினால் இன்னும் மோசம். இலக்கு மரபணு மிக மெலிதாக, இரண்டு கன்றிலும் சரிசமமாக 33இல் இருந்தது என்று வையுங்கள். உண்மையில் எந்த மாற்றமும் இல்லை. ஆனால் நோயுற்ற கன்றில் 29க்குரிய டிஎன்ஏ சேர்ந்ததும், நோயால் மரபணு சுமார் 11 மடங்கு தூண்டப்பட்டதாகத் தட்டு சொல்லும். இல்லாத ஒன்றைக் கண்டுபிடித்ததாக எழுதிவிடுவோம்.

இதே கன்றுகளைக் கலந்து ஒரு நோ-ஆர்டி செய்தால்? கெட்ட மாதிரி எட்டில் ஒன்றாக நீர்த்துவிடும். 29 என்பது 32க்கு அருகே தள்ளிப்போகும். ஒப்பு மரபணுவின் 20ஓடு ஒப்பிட்டால் பன்னிரண்டு சுழற்சி இடைவெளி. பங்கு நூற்றில் ஒன்றில் மிகச் சிறிய துணுக்கு. "மாசு புறக்கணிக்கத்தக்கது" என்று மனச்சாட்சியோடே எழுதலாம், ஆனால் அது இலக்கு மரபணுவுக்குப் பொருந்தாது. ஒற்றைப் பிரதி மரபணுக்கள் எல்லாவற்றுக்கும் நோ-ஆர்டி சிகியூ ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் விழும், ஏனென்றால் டிஎன்ஏ அளவு ஒன்றே. மாறுவது மேலே இருக்கும் சிடிஎன்ஏவின் அளவு. வலுவான மரபணுவில் சோதித்து மெலிந்த மரபணுவுக்குச் சான்றிதழ் கொடுக்க முடியாது.

பங்கைக் கணக்கிட ஒரு வரி போதும்:

```
gDNA பங்கு = 2^-(Cq(-RT) - Cq(+RT))
```

இடைவெளி 7 என்றால் பங்கு 1%க்குக் கீழே. 5 என்றால் சுமார் 3%. 3 என்றால் எட்டில் ஒரு பங்கு. மேலே சொன்ன நோயுற்ற கன்றில் இலக்கு மரபணுவுக்கு இடைவெளி 0.3தான், சமிக்ஞையில் ஐந்தில் நான்கு பங்கு டிஎன்ஏ. அதே டியூபில் ஒப்பு மரபணுவுக்கு இடைவெளி 9, பங்கு 0.2%. ஒரே டியூப், இரண்டு தீர்ப்பு.

நான்காம் வழி: ஒவ்வொரு மாதிரிக்கும், ஒவ்வொரு மரபணுவுக்கும்

இதுவே முழுமையானது. எட்டு மாதிரி, மூன்று மரபணு, ஒற்றைக் குழி என்றாலே 24. நம்மிடம் இருப்பது 18. இன்னொரு தட்டு போட வசதி இருப்பவர்கள் இதையே செய்யட்டும், நான் ஒன்றும் சொல்லமாட்டேன். ஆனால் தட்டைப் பிரிக்கும்போது ஒரு மாதிரியின் நோ-ஆர்டி ஒரு தட்டிலும் அதன் இணை வேறு தட்டிலும் போனால் தட்டுக்குத் தட்டு வரும் சின்ன வித்தியாசமும் சேர்ந்துவிடும். அதையும் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நான் தேர்வது

நான் சொல்வது நான்காவதைச் சுருக்கிய ஒன்று: எல்லா மாதிரிக்கும் தனித்தனி நோ-ஆர்டி, ஆனால் ஒரே ஒரு மரபணுவில். அந்த மரபணு மிக மெலிதாக வெளிப்படுவதாகவும், அதன் பிரைமர் மரபணுத்தொகுதி டிஎன்ஏவைப் பெருக்கக்கூடியதாகவும் இருக்க வேண்டும். எட்டு மாதிரி, இரண்டிரண்டு குழி, 16. இன்னும் இரண்டு குழி மீதி. அவற்றில் செம்பனை இலையிலிருந்து எடுத்து நன்றாக நீர்த்த டிஎன்ஏவை விடுகிறேன்.

கடைசி இரண்டு குழிகளைச் சிலர் வீண் என்பார்கள். எனக்கு அவைதான் மற்ற பதினாறையும் படிக்க வைப்பவை. நோ-ஆர்டி அமைதியாக இருந்தால் டிஎன்ஏ இல்லை என்று அர்த்தமா, அல்லது பிரைமர் டிஎன்ஏவைப் பெருக்கவே தெரியாததா? இலை டிஎன்ஏ குழியில் சமிக்ஞை வந்தால் பிரைமர் பெருக்குகிறது, ஆகவே நோ-ஆர்டியின் அமைதியை நம்பலாம். அங்கேயும் அமைதி என்றால் அந்த மரபணுவுக்குக் கவலை இல்லை, ஆனால் மற்ற மரபணுக்களுக்கு அந்தக் குழி எதையும் சொல்லவில்லை. வேறொரு பிரைமரில் பார்க்க வேண்டும்.

மெலிந்த மரபணு தேறிவிட்டால் வலுவானவை பெரும்பாலும் தேறும். பல பிரதிகள் உள்ள மரபணுக் குடும்பத்தை ஒப்பாக வைத்திருந்தால் மட்டும் கொஞ்சம் நிதானம் வேண்டும். பத்துப் பிரதி இருந்தால் அதன் நோ-ஆர்டி மூன்று சுழற்சிக்கு மேல் முன்னதாக வரும். ஒப்பு மரபணு 20இல் இருக்கும்வரை அதற்கும் இடம் இருக்கிறது.

ஐந்தாவதாக ஒரு மாற்றும் உண்டு. மரபணுவே இல்லாத இடைவெளிப் பகுதியில் ஒரு பிரைமர் இணை வடிவமைத்து, வழக்கமான சிடிஎன்ஏ மாதிரிகளையே அதில் ஓட்டுவது. அங்கே ஆர்என்ஏ உருவாகாது, ஆக வருவதெல்லாம் டிஎன்ஏ. தனியாக நோ-ஆர்டி டியூபே வேண்டாம். நூற்றுக்கணக்கான மாதிரி இருக்கும் இடத்துக்கு இது நல்ல வழி. எட்டுக் கன்றுக்கு, அந்தப் பகுதி உண்மையிலேயே அமைதியானதா, எத்தனை பிரதி என்று நிரூபிக்கும் வேலையே நோ-ஆர்டி செலவைவிட அதிகமாகிவிடும்.

செலவைப் பற்றி ஒன்று. ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்ஷனில் விலை உயர்ந்தது நொதிதான், நோ-ஆர்டியில் அதுதான் இல்லை. பஃபரும் டிஎன்டிபியும் பிரைமரும்தான் செலவு. உண்மையான இழப்பு ஆர்என்ஏ. அழுகிய வேரிலிருந்து கிடைத்ததே கொஞ்சம், அதிலும் பாதியை இதற்கா என்று மனம் இழுக்கும். அதனால்தான் சிலர் நோ-ஆர்டியில் பாதி அளவு ஆர்என்ஏ விடுகிறார்கள். விடலாம், ஆனால் பாதி விட்டால் சிகியூ ஒரு சுழற்சி தாமதமாக வரும். அதைத் திருத்திக்கொள்ளாமல் படித்தால் மாசைப் பாதியாகக் குறைத்துச் சொல்கிறோம். முடிந்தவரை இரண்டு டியூபுக்கும் 500 நானோகிராம் வீதம் சமமாகப் போடுவதே என் விருப்பம். டிஎன்ஏஸ் முடிந்த ஒரே டியூபிலிருந்து இரண்டாகப் பிரித்து, ஒன்றில் நொதி, மற்றதில் அதே கனஅளவு தண்ணீர். பின்னால் நீர்ப்பதும் அதே மடங்கு.

திரையில் படிப்பது

நோ-ஆர்டியில் கோடு எழுந்துவிட்டது என்றவுடன் டிஎன்ஏ என்று முடிவுகட்ட வேண்டாம். முதலில் என்டிசியைப் பாருங்கள். என்டிசியும் அதே சிகியூவில் எழுந்தால் சிக்கல் மாதிரியில் இல்லை, தண்ணீரிலோ பிரைமரிலோ மாஸ்டர் மிக்ஸிலோ இருக்கிறது. என்டிசி சுத்தமாக இருந்து நோ-ஆர்டி மட்டும் எழுந்தால்தான் மாதிரியோடு வந்த டிஎன்ஏ.

அடுத்து மெல்ட் வளைவு, அதாவது பெருகிய துண்டு எந்த வெப்பநிலையில் இரண்டு இழையாகப் பிரிகிறது என்று காட்டும் கோடு. எஸ்வைபிஆர் சாயம் இரட்டை இழை எதுவானாலும் ஒளிரும், பிரைமர்கள் தங்களுக்குள் ஒட்டிக்கொண்ட டைமருக்கும் ஒளிரும். நோ-ஆர்டியின் உச்சி, நொதி உள்ள குழியின் உச்சியைவிடத் தாழ்ந்த வெப்பநிலையில், அகலமாக வந்தால் அது டைமர்தான். பிரைமரைச் சரிசெய்ய வேண்டும், டிஎன்ஏஸை அல்ல. உச்சி அதே இடத்தில் வந்தால் டிஎன்ஏ. இன்னும் உயர்ந்த வெப்பநிலையில் இரண்டாவது உச்சி வந்தால் அநேகமாக இன்ட்ரானும் சேர்ந்த நீண்ட துண்டு. ஜெல்லில் ஓட்டினால் மேலே ஒரு பட்டை நிற்கும்.

பலர் தவறவிடும் இடம் ஒன்று: பிரைமர் இரண்டும் ஒரே எக்ஸானில் இருந்தால் சிடிஎன்ஏ துண்டும் டிஎன்ஏ துண்டும் எழுத்துக்கு எழுத்து ஒன்றே. மெல்ட் வளைவு ஒற்றை அழகான உச்சியைக் காட்டும், ஜெல்லில் ஒற்றைப் பட்டை. "மெல்ட் சுத்தமா இருக்கு அக்கா, அப்ப மாசு இல்லதானே?" என்ற கேள்விக்கு நான் உடனே இல்லை என்பது இதனால்தான். அந்த வடிவமைப்பில் வேறுபடுத்திக் காட்டக்கூடியது நோ-ஆர்டி குழி மட்டுமே.

நோ-ஆர்டி செய்யாமலே சந்தேகம் வர வேண்டிய ஓர் அறிகுறியும் உண்டு. மெலிந்த மரபணுக்கள் எல்லாம், எந்தக் கன்றாக இருந்தாலும், 31, 32 என்று ஒரே வரிசையில் வந்து உட்கார்ந்துவிடும். உயிருள்ள திசுவில் வெளிப்பாடு இவ்வளவு சமதளமாக இருப்பது அரிது. அது டிஎன்ஏவின் அடித்தளமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

தேறாத மாதிரியை என்ன செய்வது

இடைவெளி 7க்கு மேல் இருந்தால் நான் அப்படியே போகிறேன். 5க்கும் 7க்கும் நடுவில் இருந்தால் நான் தேடும் மாற்றம் எவ்வளவு என்று பார்க்கிறேன். பத்து மடங்கு மாற்றத்தில் 3% பிழை ஒன்றும் செய்யாது, ஒன்றரை மடங்கு மாற்றத்தைப் பேச வேண்டுமென்றால் யோசிக்க வேண்டும். 5க்குக் கீழே போனால் அந்த ஆர்என்ஏவுக்கு மறுபடி டிஎன்ஏஸ்.

கழித்தல் கணக்கில் சரிக்கட்டலாமே என்பார்கள். பங்கு சிறிதாக இருக்கும்போது முடியும். ஆனால் மேலே சொன்ன கன்றுபோல ஐந்தில் நான்கு பங்கு டிஎன்ஏ என்றால், இரண்டு பெரிய எண்களைக் கழித்து ஒரு சின்ன எண்ணைத் தேடுகிறோம். சிகியூவில் 0.2 சுழற்சி பிசகினாலே மிச்சம் பாதியாகும் அல்லது ஏறக்குறைய இரட்டிப்பாகும். 37 வாக்கில் போனால் குழிக்கு ஒன்றிரண்டு பிரதிதான் விழும். இரண்டு குழியில் ஒன்று எழும், ஒன்று எழாது. அங்கே கழிப்பதற்கு ஒன்றுமில்லை.

மறுபடி டிஎன்ஏஸ் போடும்போது முதலில் ஆர்என்ஏவை எத்தனாலில் மறுபடி இறக்கி, 70% எத்தனாலில் கழுவி, உப்பை வெளியேற்றிவிட்டுத் தொடங்க வேண்டும். உப்போடேயே நொதியின் அளவை மட்டும் இரட்டிப்பாக்குவதில் பலன் குறைவு. நிறுத்தும் கட்டத்தில் ஈடிடிஏவைச் சூடாக்குவதற்கு முன்பே சேர்க்க வேண்டும். மெக்னீசியம் கட்டப்படாமல் 65 டிகிரிக்குப் போனால் ஆர்என்ஏவே துண்டாகும். ஈடிடிஏ அளவுக்கு மேல் போனால் அடுத்த கட்டத்தில் ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸுக்கு வேண்டிய மெக்னீசியத்தையும் அது பிடித்துக்கொள்ளும், அதனால் கிட்டில் சொன்ன அளவைத் தாண்டக் கூடாது. இரட்டை இழை டிஎன்ஏவை மட்டும் வெட்டி, மிதமான சூட்டிலேயே செயலிழக்கும் வகை நொதியும் கிடைக்கிறது. பிசுபிசுப்பான வேர் ஆர்என்ஏவுக்கு மறுமுறை சுத்திகரிப்பில் ஆர்என்ஏ இழப்பதைத் தவிர்க்க அது உதவும். எதைப் போட்டாலும் புதிதாக ஒரு நோ-ஆர்டி டியூப் செய்து, நொதி உள்ள டியூபோடு அதே தட்டில் ஓட்ட வேண்டும். பழைய நோ-ஆர்டி எண் இந்தப் புதிய ஆர்என்ஏவுக்குப் பொருந்தாது.

இதற்கு ஆர்என்ஏ மிச்சம் இருக்க வேண்டும் என்பதால், முதல் நாளே ஒவ்வொரு கன்றுக்கும் டிஎன்ஏஸ் போடாத ஒரு சின்னப் பங்கை மைனஸ் 80இல் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். அறிக்கையில் எழுதும்போது "நோ-ஆர்டி செய்யப்பட்டது" என்ற ஒற்றை வரி போதாது. கியூபிசிஆர் அறிக்கைகளுக்கென்று 2009இல் வந்த எம்ஐகியூஇ வழிகாட்டி, டிஎன்ஏ மாசு எப்படிச் சோதிக்கப்பட்டது என்பதைக் கட்டாயத் தகவல்களில் ஒன்றாக வைத்திருக்கிறது. எந்த மரபணுவில், எந்தெந்த மாதிரியில், நொதி உள்ளதும் இல்லாததுமாக இரண்டு சிகியூவும் எவ்வளவு என்று எட்டு வரி அட்டவணை போட்டால், படிப்பவர் பங்கைத் தாமே கணக்கிட்டுப் பார்த்துக்கொள்வார்.